சாப்பிடாத நாளிலும் இன்சுலின்: கீட்டோன் ஏறும்போது வீட்டில் என்ன பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

"பிள்ள ஒண்டும் சாப்பிடல்ல மிஸ்ஸி. சாப்பிடாம ஊசி போட்டா சீனி இறங்கிடும் எண்டு பயந்துதான் போடாம விட்டன்."

கிழக்கில் சில வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்த காலத்தில், இதே வார்த்தைகளைப் பல தாய்மார் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவர்கள்தான். அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. முதன்முதலில் இன்சுலின் எழுதிக் கொடுக்கும்போது, சீனி குறைந்து மயங்கி விழும் ஆபத்தைப் பற்றித்தான் கிளினிக்கில் அதிகம் சொல்வார்கள். சாப்பிடாமல் ஊசி போடாதே என்ற பேச்சு அப்படித்தான் மனதில் பதிகிறது. சுகமாக இருக்கும் நாளில் அது சரி. சத்தியும் காய்ச்சலுமாகக் கிடக்கும் நாளில் அதே பேச்சு பிள்ளையைச் சாவின் வாசல் வரை கொண்டுபோகிறது.

அந்த நிலையை நீரிழிவுக் கீட்டோ அமிலநிலை என்பார்கள். வார்ட்டில் எல்லோரும் சொல்வது டீ.கே.ஏ. இந்தக் கட்டுரை, வீட்டில் யாரோ ஒருவர் புதிதாக இன்சுலின் போடத் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்கானது. முக்கியமாக, முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இன்சுலின் சாப்பாட்டுச் சீனியைச் சமாளிக்க மட்டும் தேவைப்படுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு கண்டபடி கரைந்து ஓடாமல் பிடித்து வைப்பதும் இன்சுலின்தான். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு இருக்கும்வரை தண்ணீர் அளவோடு வரும். கதவே இல்லாமல் போனால் குளம் முழுக்க ஊருக்குள் வரும்.

இன்சுலின் இல்லாத உடம்பில் கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் கரைந்து ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைக் கீட்டோன் என்ற அமிலப் பொருளாக மாற்றுகிறது. கொஞ்சம் கீட்டோன் யாருக்கும் கெடுதல் செய்யாது. விரதம் இருப்பவர்களுக்கும் அது உண்டாகும். ஆனால் அவர்களுடைய உடம்பில் இன்சுலின் இருப்பதால் ஓரளவில் நின்றுவிடும். இன்சுலின் அறவே இல்லாதவருக்கு அது நிற்பதில்லை. மணிக்கு மணி ஏறி இரத்தம் அமிலமாகிறது.

அதே நேரத்தில், பிள்ளை ஒரு பருக்கை சோறு சாப்பிடாவிட்டாலும் ஈரல் தானாகச் சீனியை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் இன்னும் கூடுதலாக விடும். "சாப்பிடாத பிள்ளைக்கு எப்படி சீனி ஏறும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். நோயுள்ள நாளில் பலருக்கு வழமையை விடக் கூடுதல் இன்சுலின்கூடத் தேவைப்படும்.

ஏறிய சீனி சலத்தோடு வெளியேறும்போது தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே உடம்பு வற்றுகிறது. அமிலம் வயிற்றைப் புரட்டிச் சத்தியைக் கூட்டுகிறது, சத்தி இன்னும் வற்ற வைக்கிறது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் இப்படித்தான் இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனும் இந்த நிலையை நெருங்கித்தான் கிடந்தான்.

ஒரு பிள்ளையின் மூன்று நாட்கள்

படுவான்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 15, நிறை 40 கிலோ. நீரிழிவு வந்து இரண்டு வருடம். காலையில் 20 அலகு, மாலையில் 12 அலகு கலவை இன்சுலின்.

மார்கழி மழைக் காலம். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வழமைபோல ஊசி போட்டுப் பாடசாலைக்குப் போனாள். பின்னேரம் மூன்று தரம் சத்தி எடுத்தாள். இரவு சாப்பிடவில்லை. அம்மா மாலை ஊசியை விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை இலேசான காய்ச்சல். பிள்ளை சோடாவும் இளநீரும் குடித்தாள், வேறொன்றும் இறங்கவில்லை. காலை ஊசியும் விடுபட்டது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் தீர்ந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

மதியம் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். சத்திக்கு ஒரு ஊசியும் வயிற்றெரிவுக்கு மாத்திரையும் கிடைத்தன. சீனி பார்க்கப்படவில்லை. நீரிழிவு இருப்பதை அம்மா சொன்னார், இரண்டு நேர இன்சுலின் விடுபட்டதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, அங்கும் யாரும் கேட்கவில்லை. சத்தி சில மணி நேரம் அடங்கியது. வீடு நிம்மதியானது.

அந்தப் பின்னேரம் பிள்ளை அடிக்கடி சலம் கழித்தாள். அம்மா அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்குச் சலம் போனால் உடம்பு வற்றவில்லை என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! நீரிழிவில் அந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது. உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போதும் சீனி சலத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாக்கு வறண்டிருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, ஆனால் சலம் தாராளமாகப் போகிறது என்றால், ஆறுதல் அடைய வேண்டாம். அது இந்த நோயின் முகம்.

இரவு வயிற்று வலி தொடங்கியது. பிறகு மூச்சு. வேகமாக, ஆழமாக இழுத்து விட்டாள். முட்டு வருத்தம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு இன்ஹேலரைக் கொடுத்தார்கள். அம்மம்மா திருநீறு போட்டு, நெஞ்சில் எண்ணெய் தேய்த்து விட்டார். ஞாயிறு விடிய நான்கு மணிக்குத் தண்ணீர் கொடுக்க எழுப்பியபோது பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினாள். அப்போதுதான் 1990க்கு அழைத்தார்கள்.

ஐந்து மணி கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது கடைசி இன்சுலின் போட்டு 46 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிமிடத்துக்கு 36 மூச்சு. குளுக்கோமீட்டர் எண்ணைக் காட்டாமல் `HI` என்று காட்டியது. அது, அந்தக் கருவி அளக்கக்கூடிய உச்சத்தைச் சீனி தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம். பல கருவிகளில் அந்த உச்சம் 600. ஆய்வுகூடத்தில் 612 வந்தது. இரத்தத்தின் pH 7.06. சாதாரணமாக அது 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். 7.3க்குக் கீழே போனாலே இந்த நோய், 7.1க்குக் கீழே கடுமையான கட்டம்.

மூச்சைப் பார்க்கப் பழகுங்கள்

தாகம், அடிக்கடி சலம், களைப்பு, சத்தி, வயிற்று வலி எல்லாமே அறிகுறிகள்தான். ஆனால் அவை வேறு நோய்களிலும் வரும். வயிற்று வலியோடு வந்தவரை அப்பென்டிசைடிஸ் என்று சந்தேகித்துச் சத்திர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிய சம்பவங்களும் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் பிரித்தறியக்கூடியது மூச்சுத்தான். எனவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரத்தத்தில் அமிலம் ஏறும்போது, கரியமில வாயுவை வெளியே தள்ளி அதைக் குறைக்க உடம்பு பாடுபடுகிறது. அதனால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓய்வில்லாமலும் வரும். படுத்துக் கிடக்கிற பிள்ளை, மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்தது போல மூச்சு விடும். முட்டு வருத்தத்தில் காற்றை வெளியே விடுவதுதான் கஷ்டம். விசில் போலச் சத்தம் கேட்கும், இருமல் இருக்கும். இங்கே விசில் இல்லை, அடைப்பு இல்லை, பெருமூச்சு மட்டும் தொடர்ந்து வரும்.

பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சு எழும்பி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்த பிள்ளைக்கும் பெரியவருக்கும் 12 முதல் 20 வரை சாதாரணம். 25ஐத் தாண்டி, மூச்சும் ஆழமாக இருந்தால், வேறு எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் சாதாரணமாகவே வேகமாக மூச்சு விடுவார்கள். அவர்களிடம் எண்ணிக்கையை விட ஆழத்தைப் பாருங்கள்.

மூச்சில் ஒரு மணமும் வரலாம். மிஞ்சிப் பழுத்த பழம் போல, அல்லது நகப்பூச்சை அழிக்கிற திரவம் போல. எல்லோருடைய மூக்குக்கும் அது தெரியாது. என்னோடு வேலை செய்த சிலருக்கு அது கொஞ்சமும் பிடிபடுவதில்லை. மணம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சத்தி தொடங்கிய முதல் மணி நேரத்தில்

அந்தப் பிள்ளையின் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் திரும்பிப் போவோம். மூன்று தரம் சத்தி, இரவுச் சாப்பாடு இல்லை, மாலை ஊசி போடும் நேரம். அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் சீனி பார்க்க வேண்டும். அதன்படிதான் மற்ற எல்லாம். 250க்கு மேல் இருந்தால் அடுத்தது கீட்டோன். 250க்குக் குறைவாக இருந்தாலும் சத்தி நிற்கவில்லை என்றால் கீட்டோன் பாருங்கள். சலத்தில் பார்க்கும் ஸ்ட்ரிப் பார்மசிகளில் கிடைக்கும். புதிதாகக் கழித்த சலத்தில் நனைத்து எடுத்து, போத்தலில் எழுதியிருக்கும் விநாடிகள் வரை பொறுத்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். நிறம் ஊதாப் பக்கம் இருள இருளக் கீட்டோன் கூடுகிறது. இரண்டு பிளஸ் அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. விரல் இரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி உள்ளவர்களுக்கு 0.6க்குக் கீழே சாதாரணம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது, 3 அல்லது அதற்கு மேல் உடனே ஆஸ்பத்திரி. சலத்து ஸ்ட்ரிப் போத்தலின் மூடியை ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூடுங்கள். எங்கள் கடற்கரை ஈரக் காற்று அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கெட்ட ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

அடுத்தது இன்சுலின். முதலாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பது சீனியையும் கீட்டோனையும் பொறுத்தது. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு, கலவை இன்சுலினுக்கும் தெளிந்த இன்சுலினுக்கும் வேறு. அதனால் நான் இங்கே ஒரு எண்ணைச் சொல்லப் போவதில்லை. சுகமாக இருக்கும்போதே கிளினிக் கொப்பியில் வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டியது அது. எழுதியது கையில் இல்லாமல் பிள்ளை சத்தி எடுக்கிறது என்றால், அளவைக் கேட்பதற்காகவே இரவிலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

சீனி இறங்கிவிடுமே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. சீனி 250க்கு மேல் நிற்கும்போது இனிப்பில்லாத பானங்களைக் கொடுங்கள்: கொதித்தாறிய தண்ணீர், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், சீனி போடாத தேத்தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தால் வெளியே வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மூன்று கரண்டி போதும். சீனி 180க்குப் பக்கமாக இறங்கி, பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்றால், அப்போது இனிப்பான பானத்துக்கு மாறுங்கள். சீனி போட்ட தேத்தண்ணீரோ, இளநீரோ, ஜீவனியோ. அந்த இனிப்பு இருப்பதால் இன்சுலினைத் தொடரலாம். 70க்குக் கீழே போனால் முதலில் சீனியைக் கரைத்துக் கொடுத்து ஏற்றிவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்படி இறங்கிய சீனியோடு குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்றால் அதுவும் ஆஸ்பத்திரிக்கான காரணம்.

இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவிலும் எழுந்து, சீனியைப் பார்த்து நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். கீட்டோனை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாருங்கள். வாந்தி நிற்க மருந்து கொடுத்துவிட்டு உறங்கப் போகாதீர்கள். அந்த மருந்து சத்தியை மறைக்கும், கீட்டோனை இறக்காது. அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் அந்த வீட்டில் நடந்தது இதுதான்.

எப்போது புறப்பட வேண்டும்

இன்சுலின் போடும் ஒருவருக்குச் சத்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் தொடர்ந்தால் புறப்படுங்கள். கீட்டோன் மேலே சொன்ன அளவைத் தொட்டால் புறப்படுங்கள். பெருமூச்சு, கடும் வயிற்று வலி, உறக்க மயக்கம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் அப்படித்தான். கருவியில் `HI` வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாலும் `HI` என்றே வந்தால், அதற்கும் விடியும் வரை பொறுக்க வேண்டாம். பார்க்க ஸ்ட்ரிப் இல்லை என்றால், இல்லை என்பதே புறப்படுவதற்குக் காரணம்.

1990 இலவச அம்புலன்ஸ். அழைக்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: இன்சுலின் போடும் பிள்ளை, இத்தனை மணி நேரமாகச் சத்தி, சீனி இவ்வளவு, கடைசி ஊசி இந்த நேரம். ஓட்டோ கைக்குக் கிடைத்து, பிள்ளையும் தெளிவாக இருந்தால் அதிலேயே போகலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை மட்டுமல்லாமல், கல்முனை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களின் ஆதார வைத்தியசாலைகளிலும் அவசர சிகிச்சை கிடைக்கும். பிள்ளை மயங்கத் தொடங்கியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி அருகில் உள்ளதைத் தாண்டிப் போகாதீர்கள். சிறிய பிரதேச வைத்தியசாலையிலும் சேலைன் ஏற்றத் தொடங்கிவிட்டு மேலே அனுப்புவார்கள். வழியில் போகும் ஒரு மணி நேரத்தை விட அந்த முதல் சேலைன் பெறுமதி.

வாவிக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஒன்று. மாரியில் வீதிகளுக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது மண்முனைப் பாலம் வரை வந்து சேருவதே பெரும்பாடு. அந்த மாதங்களில் மற்றவர்களை விட முன்கூட்டியே, பகல் வெளிச்சத்திலேயே முடிவெடுங்கள்.

மயக்கமாக உள்ளவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கிளினிக் கொப்பி, இன்சுலின் போத்தல், நீங்கள் எழுதி வைத்த தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். உள்ளே நுழைந்ததும், "இன்சுலின் போடுற பிள்ளை, இத்தனை நேரம் ஊசி விடுபட்டிருக்கு, கீட்டோன் பாருங்கோ" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஊசி விடுபட்டதை மறைக்க வேண்டாம். எங்களுக்கு அதுதான் முதல் தடயம்.

ஏன் வீட்டில் முடியாது

"ஆஸ்பத்திரியிலயும் சேலைனும் இன்சுலினும்தானே?" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். ஆம், அவையேதான். ஆனால் கொடுக்கும் வேகத்திலும் இடையில் செய்யும் பரிசோதனையிலும்தான் உயிர் தங்கியிருக்கிறது.

அந்த 40 கிலோப் பிள்ளை 3 முதல் 4 லீற்றர் வரை தண்ணீர் இழந்திருந்தாள். முதல் மணி நேரத்தில் 400 மில்லிலீற்றர் சேலைன் கொடுத்தோம். மிச்சத்தை ஒரே நாளில் கொட்டவில்லை, இரண்டு நாட்களுக்குப் பிரித்து மெதுவாக ஏற்றினோம். பிள்ளைகளுக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு மூளை வீங்கும் ஆபத்து ஒன்று உண்டு. அரிது, ஆனால் இந்த நோயில் பிள்ளைகள் இறப்பதற்கு முக்கியக் காரணம் அது. தலைவலி, திடீர் மயக்கம், நாடித்துடிப்பு குறைதல் இவற்றுக்காக மணிக்கு மணி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இன்சுலினை ஒரு மணி நேரச் சேலைனுக்குப் பிறகுதான் தொடங்கினோம். மணிக்கு 4 அலகு, பம்ப் மூலம் நரம்பு வழியாக. இங்கேதான் பொட்டாசியம் வருகிறது. இதயத் துடிப்பை ஒழுங்காக வைத்திருக்கும் உப்பு அது. இந்த நோயில் உடம்பிலிருந்து சலத்தோடும் சத்தியோடும் பொட்டாசியம் ஏராளமாகப் போய்விடுகிறது. ஆனால் அமில நிலையில் கலங்களுக்குள் இருப்பது வெளியே கசிவதால் இரத்தத்தில் பார்த்தால் போதுமான அளவு இருப்பது போலத் தெரியும். அவளுக்கு வரும்போது 5.4. இன்சுலின் தொடங்கியதும் அது கலங்களுக்குள் பாய்கிறது. ஒன்பதரை மணிக்கு 3.6. சேலைனில் பொட்டாசியம் சேர்த்துக் கொடுத்தும் அவ்வளவு இறங்கியது. சேர்க்காமல் இன்சுலினை மட்டும் வீட்டில் அள்ளிப் போட்டிருந்தால் இதயம் தடுமாறியிருக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஈ.சீ.ஜீ. வைத்திருக்க வேண்டும்.

மதியமளவில் சீனி 240க்கு வந்தது. அம்மா சந்தோஷத்தோடு, "இனி இன்சுலின நிப்பாட்டலாம்தானே மிஸ்ஸி?" என்று கேட்டார். நிறுத்தவில்லை. சேலைனோடு குளுக்கோஸ் கலந்து கொடுத்து இன்சுலினைத் தொடர்ந்தோம். சீனி இறங்கினாலும் கீட்டோன் இன்னும் இரத்தத்தில் இருந்தது. அதை அணைப்பது இன்சுலின் மட்டும்தான். இனிப்பைச் சேர்த்து இன்சுலினைத் தொடர்வது என்று வீட்டுக்குச் சொன்னேனே, வார்ட்டிலும் அதே முறைதான். அம்மாவுக்கு விஷயம் புரிந்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்தப் போத்தலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் பிள்ளை தெளிந்து தண்ணீர் கேட்டாள். திங்கட்கிழமை காலை அமிலம் அடங்கி, இடியப்பம் சாப்பிட்டு, தோலுக்குக் கீழே போடும் பழைய ஊசிக்கு மாறினாள். அந்த ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை நரம்பு வழி இன்சுலினை நிறுத்தவில்லை.

வேறு எப்படியெல்லாம் வருகிறது

ஊசி விடுபடுவது ஒரு காரணம். கிருமித் தொற்று இன்னொன்று. சலத் தொற்று, நிமோனியா, காலில் சீழ்ப்பிடித்த புண், டெங்கு எதுவும் இதைக் கிளப்பலாம். பெரியவர்களில் மாரடைப்பும் கிளப்பும். ஊசி ஒழுங்காகப் போட்டும் சீனி இறங்கவே இல்லை என்றால் இன்சுலின் வெயிலில் கெட்டிருக்கலாம் என்று சந்தேகித்துப் புதுப் போத்தலைத் திறவுங்கள்.

இன்னும் நீரிழிவு என்றே தெரியாத பிள்ளைகளிலும் இது முதல் அடையாளமாக வருகிறது. சில கிழமைகளாகப் பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, இரவில் எழுந்து எழுந்து சலம் கழிக்கிறது, படுக்கை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கிறது, சட்டை தொளதொளக்கிறது என்றால் அன்றைக்கே விரலில் குத்திச் சீனி பாருங்கள். 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள். அந்த மாத்திரை சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால், குளுக்கோமீட்டரில் 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறியிருக்கக்கூடும். சத்தி வந்து சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். இன்சுலினை நிறுத்தாதே என்று இவ்வளவு சொல்லிவிட்டு இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது குழப்பலாம். எனவே எது எது என்று கொப்பியில் பெயரோடு எழுதி வைப்பது நல்லது. நோன்பு பிடிப்பவர்களும் சஷ்டி விரதம் இருப்பவர்களும் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே கிளினிக்கில் பேசி, ஊசி அளவை மாற்றி வாங்குங்கள்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை

சத்தி வந்தால் காலை ஊசி எவ்வளவு, மாலை ஊசி எவ்வளவு? கீட்டோன் இரண்டு பிளஸ் என்றால் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கூடுதலாக எவ்வளவு போடலாம்? இரவில் யாரை அழைப்பது? இந்த மூன்றுக்கும் பதிலைக் கொப்பியின் முன் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்தியருக்கு நேரமில்லாத நாளாக இருந்தால் நீரிழிவுத் தாதியிடம் கேளுங்கள்.

வீட்டில் எப்போதும் ஒரு போத்தல் இன்சுலின் உபரியாக இருக்கட்டும். சீனி ஸ்ட்ரிப் பத்துக்குக் குறைந்தால் அன்றே வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் ஒரு சின்ன முட்டியை இறக்கி, இன்சுலினைத் தண்ணீர் படாமல் பையில் சுற்றி முட்டிக்குள் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறந்த போத்தலில் திறந்த திகதியை எழுதி, நான்கு கிழமைக்குப் பிறகு, மிச்சம் இருந்தாலும், பாவிக்காதீர்கள்.